திடலில் கத்திப் பாட ஒரு 140: உடற்பயிற்சிப் பாட்டுக்குப் பிராம்ப்ட் எழுதும் முறை

சூனோ, யூடியோ போன்ற பாட்டு உருவாக்கும் செயலிகளில் "உற்சாகமான உடற்பயிற்சிப் பாட்டு, தமிழ்" என்று மட்டும் எழுதிப் பாருங்கள். முதலில் ஒரு பியானோ மெல்லத் தொடங்கும். அப்புறம் யாரோ உருக்கமாக நாலு வரி பாடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத்தான் மேளம் வரும், அதுவும் நடுவில் நின்றுபோகும். காரில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை காலை சுங்கை சிப்புட் திடலில் முப்பது பேர் கைகாலை விரித்துக் குதிக்கும்போது இந்தப் பாட்டைப் போட்டால், இரண்டாவது நிமிடத்தில் பாதிப் பேர் தண்ணீர்ப் போத்தலைத் தேடிப் போய்விடுவார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பாட்டைப் பற்றியது: குதித்தும் முழங்காலை உயர்த்தியும் செய்யும் பயிற்சிக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை வேகம் மாறாத, கூட்டமே சேர்ந்து கத்தக்கூடிய மூன்று நிமிடப் பாட்டு. இதற்கான பிராம்ப்ட்டை வரிவரியாக எழுதிப் பார்ப்போம்.

முதலில் உடம்பு, அப்புறம் பாட்டு

வேகத்தைத் தீர்மானிக்கப் பாட்டைக் கேட்கத் தேவையில்லை. பயிற்சியைச் செய்து பார்த்தால் போதும். கைகால் விரித்துக் குதிக்கும் பயிற்சியில் ஒரு முறை விரிப்பது ஒரு அடி, சேர்ப்பது இன்னொரு அடி. உங்கள் குழுவில் நடுத்தர வேகத்தில் செய்பவரை ஒரு நிமிடம் குதிக்கச் சொல்லி எண்ணுங்கள். அவர் எழுபது முறை குதித்தால் உங்களுக்கு வேண்டியது நிமிடத்துக்கு 140 அடி. வேகமாகச் செய்யும் பையனை வைத்து எண்ணினால் மற்றவர்கள் திணறுவார்கள்.

பிரிட்டனின் புருனெல் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி இசையை நெடுங்காலம் ஆராய்ந்த காஸ்டாஸ் கரகியோர்கிஸ், பெரும்பாலான உடற்பயிற்சிகளுக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 அடிவரை உள்ள இசை பொருந்தும் என்கிறார். 160, 170 என்று ஏற்றிக்கொண்டே போவதால் பயிற்சி கூடிவிடாது. கால் அடியைப் பிடிக்க முடியாமல் பாட்டை விட்டுவிடும், அவ்வளவுதான். நாம் 140-ஐ எடுத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாலு அடி சேர்ந்தால் ஒரு சுற்று. 140 வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி ஆகும். எட்டுச் சுற்று 13.7 விநாடி, 104 சுற்று கிட்டத்தட்ட மூன்று நிமிடம். ஏரோபிக்ஸ் நடத்துபவர்கள் அசைவுகளை 32 எண்ணிக்கையாகக் கட்டுவார்கள். அதுவும் இதே எட்டுச் சுற்றுதான். ஆகவே பாட்டின் ஒவ்வொரு பகுதியும் எட்டின் மடங்காக இருந்தால் அசைவு மாறும் இடமும் பாட்டு மாறும் இடமும் ஒன்றாக விழும். நம் பாட்டின் அமைப்பு இப்படி: முன்னிசை 8, சரணம் 16, பல்லவி 16, கத்தும் இடம் 8, மறுபடி சரணம் 16, பல்லவி 16, கத்தும் இடம் 8, கடைசிப் பல்லவி 16. கூட்டினால் 104.

பாணிப் பெட்டியில் எழுதுவது

இத்தகைய செயலிகளில் பாட்டுவரிகளுக்கு ஒரு பெட்டி, பாணியை விவரிக்க ஒரு பெட்டி என்று தனித்தனியாக எழுதும் முறை இருக்கும். அதையே பயன்படுத்துங்கள். பாணியை ஆங்கிலத்தில் எழுதினால் பிடிமானம் அதிகம், வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தரலாம்.

வேகத்தைக் குலைக்கும் சொற்கள் எல்லாமே பார்க்க நல்ல சொற்களாகத்தான் இருக்கும். `motivational`, `epic`, `cinematic`, `emotional` என்று எழுதினால் செயலிக்கு விளம்பரப் பட இசைதான் நினைவுக்கு வரும். அந்த வகைப் பாட்டுகளுக்கு மெல்லத் தொடங்கி ஏறுவதே இலக்கணம். ஆகவே மனநிலைச் சொல்லைக் குறைத்து, மேளம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். உற்சாகம் வரிகளிலிருந்தும் கூச்சலிலிருந்தும் வரட்டும்.

இன்னொரு பொறி 140 என்ற எண்ணிலேயே இருக்கிறது. `trap`, `hip hop` போன்ற சொற்களோடு 140 சேர்ந்தால் கணக்குப்படி 140 வரும், காதுக்கோ 70 போலக் கேட்கும். காரணம், ஸ்னேர் மேளம் இரண்டாம் நாலாம் அடிகளில் விழாமல் மூன்றாம் அடியில் மட்டும் விழும். எண் சரி, கால் பாதி வேகத்தில் போகும். அதனால் ஸ்னேர் எங்கே விழ வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது நம்ம ஊர்ச் சங்கதி. பாட்டில் உறுமி மேளம் வேண்டும் என்று எல்லாருமே கேட்பார்கள், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கும் கோயில் திருவிழாவுக்கும் உறுமி கேட்டு வளர்ந்த கால், அது ஒலித்தாலே தானாக எழும். ஆனால் குத்து நடை பெரும்பாலும் திஸ்ரம்: மூன்று மூன்றாகத் துள்ளும், இடையிடையே நின்று முழங்கும். ஆடுவதற்கு அது சுகம். விரித்துச் சேர்த்துக் குதிக்கும் பயிற்சிக்கோ நாலு நாலாகப் போகும் நேர்கோட்டுச் சதுஸ்ரம் வேண்டும். `kuthu` என்று மட்டும் எழுதினால் துள்ளல் வரும், குதிப்பவர்கள் இரண்டாகப் பிரிந்து போவார்கள். அடித்தளத்தை நேரான நாலடியாகக் கட்டிவிட்டு, உறுமியையும் தப்பு மேளத்தையும் அதன்மேல் ஏற்றும்படி எழுத வேண்டும்.

```
140 BPM, steady tempo start to finish, straight 4/4,
four-on-the-floor kick, snare on 2 and 4,
same drum groove in verse and chorus,
eurodance bass, urumi accents, bright thappu on every beat,
strong Tamil male lead, mixed crowd gang shouts,
dry, close, loud vocals
```

இதில் `bright thappu on every beat` என்பது அலங்காரத்துக்கு இல்லை. திடலில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரில் அடிமட்ட பாஸ் சரியாக வராது. வருவதும் திறந்தவெளியில் கரைந்துபோகும். வீட்டில் ஹெட்போனில் நெஞ்சை அதிரவைத்த கிக் மேளம், பின்வரிசையில் நிற்பவருக்குக் கேட்கவே கேட்காது. தப்பின் 'சட்' என்ற ஒலி மேல்மட்டத்தில் இருப்பதால் பின்வரிசைவரை போகும், கால் அதைப் பிடித்துக்கொள்ளும். `dry` என்று எழுதுவதும் இதே காரணத்துக்குத்தான். எதிரொலி சேர்த்த கூச்சல் வெளியில் குழம்பிப்போகும்.

வேண்டாதவற்றைப் பாணிப் பெட்டியில் எழுதாதீர்கள். `no slow piano intro` என்று எழுதினால், பல சமயம் `no` காற்றோடு போய் பியானோ மட்டும் வந்து சேரும். விலக்க வேண்டியவற்றுக்குத் தனிப் பெட்டி இருந்தால் `piano, ballad, half-time, breakdown` என்று அங்கே போடுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் பெயரையே எடுக்க வேண்டாம்.

கத்தும் இடம்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய பகுதி இதுதான். கடுமையாகப் பயிற்சி செய்யும்போது ஒருவரால் சில சொற்களுக்கு மேல் மூச்சு வாங்காமல் பேச முடியாது. பயிற்சியின் கடுமையை அளக்கவே பயிற்றுநர்கள் இந்தப் பேச்சுச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே "எத்தனை தடை வந்தாலும் நாம் முன்னேறுவோம்" என்று கூட்டம் கத்தும் என எதிர்பார்க்க முடியாது. கூட்டத்தின் பங்கு இரண்டு மூன்று ஒலிக்குள் முடிந்துவிட வேண்டும். நீளமானதையெல்லாம் பாடகரிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்கு வியர்க்கப் போவதில்லை.

கத்தும் சொல்லின் ஒலியும் முக்கியம். "தூக்கு", "போடு" போன்றவை நெடிலில் தொடங்கி வல்லினத்தில் வெட்டி நிற்கும். காலை ஊன்றும் அடியோடு இவை சரியாகப் பொருந்தும். நீட்டிக் கத்த வேண்டிய இடத்தில் ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்து முடியும் சொல் வேண்டும். "வெற்றி", "முயற்சி" இரண்டும் பொருளில் உயர்ந்தவை, கத்துவதற்கு ஆகாதவை. இகரத்தில் வாய் மூடிக்கொள்ளும், ஒலி வெளியே போகாது.

கேள்வி மாறட்டும், பதில் மாறக் கூடாது. இரண்டாவது பதிலை யோசிக்க மூச்சிரைப்பவருக்கு நேரம் இல்லை. நம் ஊரில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "முடியுமா?" என்று கேட்டால் பள்ளிப் பிள்ளை முதல் பாட்டிவரை எல்லாரும் சொல்வது "போலே!" என்ற மலாய்ச் சொல்தான். நெடிலில் தொடங்கி, வாய் திறந்து முடிகிறது, இரண்டே ஒலி. ஒரு கவனம்: பெட்டியில் அதைத் தமிழ் எழுத்தில் போட்டால் முதல் எழுத்தை வல்லோசையாகப் படித்து, "அதுபோலே" என்பதன் பாதி போல ஒலிக்க வைத்துவிடும். அந்த ஒரு சொல்லை மட்டும் ரோமன் எழுத்தில் எழுதுங்கள்.

வரிப்பெட்டியில் சதுர அடைப்புக்குள் எழுதுவது பகுதியின் குறிப்பு. வளைந்த அடைப்புக்குள் எழுதுவதைப் பின்குரலாகவோ கூட்டத்தின் குரலாகவோ பாட வைக்கும் வாய்ப்பு அதிகம். பல்லவியும் கத்தும் இடமும் இப்படி வரும்:

```
[Chorus]
தூக்கு காலைத் தூக்கு (தூக்கு!)
வேகம் குறையாம தூக்கு (தூக்கு!)
மூச்சு வாங்கட்டும் தூக்கு (தூக்கு!)
இன்னும் ஒரு சுத்து தூக்கு (தூக்கு!)

[Shout Break: drums only, crowd answers]
முடியுமா?
(Boleh!)
ஓடலாமா?
(Boleh!)
தாங்கலாமா?
(Boleh!)
இன்னும் ஒண்ணா?
(Boleh!)
```

பல்லவியில் ஒரு வரி இரண்டு சுற்று. நாலு வரிக்கு எட்டுச் சுற்று, இரண்டு முறை எழுதினால் பதினாறு. கத்தும் இடத்தில் கேள்விக்கு ஒரு சுற்று, பதிலுக்கு ஒரு சுற்று, நாலு சோடிக்கு எட்டுச் சுற்று. கேள்வியும் பதிலும் தனித்தனி வரியில் இருப்பதைக் கவனியுங்கள். ஒரே வரியில் எழுதினால் பாடகரே இரண்டையும் மூச்சுவிடாமல் பாடிவிட்டுப் போய்விடுவார், கூட்டத்துக்கு இடமே இருக்காது. பல்லவியில் ஒரே வரியில் விட்டதற்குக் காரணம், அங்கே கூச்சல் பாடகரின் வால்போல ஒட்டி வந்தால் போதும்.

சரணம், முன்னிசை

சரணத்தை யாரும் கத்தப் போவதில்லை, கேட்டுக்கொண்டே குதிப்பார்கள். அதனால் இங்கே அதிகம் மெனக்கெட வேண்டாம். வரிகளின் நீளம் மட்டும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு சுற்றுக்குள் பத்துப் பதினோரு ஒலி அடங்கும். பதினைந்து வைத்தால் பாடகர் அவசரப்படுவார் அல்லது வரி அடுத்த சுற்றுக்குள் வழியும். அங்கிருந்து பல்லவி தொடங்கும் இடமே தள்ளிப்போகும்.

```
[Verse 1]
விடியக் காத்தாலே திடலுக்கு வா
ஈரப் புல்மேலே காலெடுத்து வா
செம்பனைக் காத்து மூஞ்சியில் அடிக்க
நெஞ்சுக்குள் மேளம் நிக்காம துடிக்க
```

இப்படி இன்னும் நாலு வரி சேர்த்தால் பதினாறு சுற்று. இரண்டாம் சரணத்தில் குலை சுமந்த தோள், பெரட்டுக்குப் பேர் கொடுத்த காலை என்று தோட்டத்து விஷயம் வைக்கலாம். "சிகரம் தொடு, வானம் வசப்படும்" என்று எழுதுவதைவிட, தூக்கிப் பழகியவர்களிடம் குலையைப் பற்றிச் சொன்னால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

முன்னிசைக்கு `[Intro: kick and urumi, full tempo]` என்று போட்டு, அடியில் `(ஹே! ஹே! ஹே! ஹே!)` என்ற வரியை நாலு முறை எழுதுங்கள். குறிப்பில் `8 bars` என்று எழுதினாலும் செயலி அதை அப்படியே எண்ணிக் கொடுக்காது. பகுதியின் நீளத்தைப் பெரும்பாலும் வரிகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். அதனால்தான் இவ்வளவு வரிக்கணக்கு.

வந்ததைச் சோதிப்பது

ஒரே பிராம்ப்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு பாட்டு வரும். முதல் பாட்டு சரியில்லை என்று உடனே பிராம்ப்ட்டை மாற்றாதீர்கள். அதே பிராம்ப்ட்டில் இன்னும் சில உருவாக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே குறை வந்தால் அது பிராம்ப்ட்டின் குறை. ஒன்றில் மட்டும் வந்தால் அதிர்ஷ்டக் குறை. மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரே விஷயத்தை மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

வேகத்தைக் கைபேசிக் கடிகாரத்தை வைத்தே அளக்கலாம். 15 விநாடிக்குள் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 140-க்கு 35 வர வேண்டும். தொடக்கத்தில் ஒரு முறை, நடுச் சரணத்தில் ஒரு முறை, கடைசிப் பல்லவியில் ஒரு முறை எண்ணுங்கள். மூன்றிலும் ஒரே எண் வந்தால், அது 140 ஆக இல்லாவிட்டாலும் கவலையில்லை. செயலி 137 கொடுத்திருந்தால் ஆடாசிட்டி மென்பொருளில் `Change Tempo` என்பதைத் திறந்து 2.2 விழுக்காடு கூட்டினால் 140 ஆகிவிடும், குரலின் சுருதியும் மாறாது. ஆனால் இடத்துக்கு இடம் எண் மாறும் பாட்டை இப்படிச் சரிசெய்ய முடியாது. அதை விட்டுவிட்டு வேறு உருவாக்குவதே நேர மிச்சம்.

சரணத்தில் 17 அல்லது 18 தான் எண்ண முடிகிறது என்றால் மேளம் பாதி நடைக்குப் போய்விட்டது. `[Verse 1]` என்பதை `[Verse 1: full drums, same tempo]` என்று மாற்றுங்கள். கத்தும் இடத்தில் கூட்டத்தின் குரல் சிந்தசைசரில் மூழ்கினால், `drums only` என்ற குறிப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இருந்து இன்னும் மூழ்கினால், செயலியில் குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி இருந்தால் பிரித்து, அந்த 13 விநாடிக்கு மட்டும் குரலை ஏற்றலாம்.

கடைசிச் சோதனை திடலில்தான். எங்கள் குழு அக்கா ஒருவர் சொன்னது இது: "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா எங்க கத்தணும்னு தெரியறதுக்குள்ள அது போயிடுது." பல்லவியிலிருந்து கத்தும் இடத்துக்கு நேராகக் குதித்தால் முதல் "போலே" எப்போதும் வீணாகும், இரண்டாவதில்தான் கூட்டம் சேரும். இதற்குத் தீர்வு, முந்தைய பல்லவியின் கடைசி வரியை "எல்லாரும் சேர்ந்து கத்து" என்று மாற்றி, அதன் வால்கூச்சலை எடுத்துவிடுவது. அந்த வரியின் இரண்டாம் சுற்று காலியாகக் கிடைக்கும், மூச்சு இழுக்க அந்த 1.7 விநாடி போதும். சுற்றின் எண்ணிக்கையும் மாறாது.

பாட்டைக் குழுவுக்குள் போடுவதோடு நிறுத்தாமல் கட்டண வகுப்பிலோ யூடியூபிலோ பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் உங்கள் கணக்கின் உரிம விதியைப் படியுங்கள். இலவசக் கணக்கில் உருவாக்கியதை வணிகத்துக்குப் பயன்படுத்த சூனோ அனுமதிப்பதில்லை.

வயதானவர்களுக்கு இதே பாட்டை 120-இல் கேட்பார்கள். 140 பாட்டை மென்பொருளில் அவ்வளவு இழுத்தால் தப்பின் அடி மழுங்கி, குரல் தள்ளாடும். பாணிப் பெட்டியில் எண்ணை மாற்றிப் புதிதாக உருவாக்குங்கள். அதே 104 சுற்று இப்போது 3 நிமிடம் 28 விநாடி ஓடும். ஒரு வரிக்கு 4 விநாடி கிடைப்பதால் சரணத்தில் ஓரிரு ஒலி கூட்டிக்கொள்ளலாம், கத்தும் இடத்தில் எதையும் கூட்ட வேண்டாம்.